பெட்டியில் எழுதியிருப்பதும் வீட்டில் நடப்பதும்: மேசை விளையாட்டுகளுக்கு ஒரு பதிவேடு

டோர்ட்மண்டில் எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கும் இடத்தில் ஓர் அலுமாரி இருக்கிறது. வீடுகளில் பாவனையில்லாமல் கிடந்தவையும், பழைய சாமான் சந்தையில் இரண்டு மூன்று யூரோவுக்கு வாங்கியவையுமாக மேசை விளையாட்டுப் பெட்டிகள் அதில் சேர்ந்துவிட்டன. பெற்றோர் வாரத்துக்கு ஒரு பெட்டியை எடுத்துச் சென்று திருப்பித் தருவார்கள். நாங்கள் கணக்கியல் படித்தவர்கள் என்பதால் பதிவேடு எழுதும் வேலை எங்களிடம் வந்தது.

முதலில் ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிட்டிருந்த எத்தனை பேர், என்ன வயது, எத்தனை நிமிடம் என்ற மூன்று விபரங்களையும் அப்படியே பார்த்து எழுதினோம். "என்ன பயிற்சி" என்ற நான்காவது பத்தியை விளம்பர வாசகத்திலிருந்து நிரப்பினோம். ஒரு மாதத்துக்குள் முறைப்பாடுகள் வந்தன. "முப்பது நிமிசம் எண்டு போட்டிருக்கு, ஒரு மணித்தியாலம் போயிட்டுது" என்றார் ஒரு தாய். இன்னொரு வீட்டில் பிள்ளைகள் டொச்சில் கத்தி விளையாட, அம்மம்மா சோபாவின் மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு பதிவேட்டைத் திருத்தி எழுதினோம். அந்த முறையையும் அதில் சில பதிவுகளையும் இங்கே தருகிறோம்.

வயது: இரண்டு வேறு எண்கள்

ஒரே பெட்டியில் வயது இரண்டு விதமாக இருக்கும். "4 வயதிலிருந்து" என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. அந்த வயதுப் பிள்ளைக்கு விதி விளங்கும் என்பதே அதன் பொருள். கெட்டிக்காரப் பிள்ளை முந்தித் தொடங்கலாம், மெதுவான பிள்ளை பிந்தித் தொடங்கலாம்.

சிவப்பு வட்டத்துக்குள் 0–3 என்று எழுதிக் குறுக்கே கோடு போட்ட சிறு முகம் வேறு வகை. அது ஐரோப்பியப் பாதுகாப்புச் சட்டப்படி போடப்படும் எச்சரிக்கை. பெரும்பாலும் சிறு துண்டுகள் தொண்டையில் அடைக்கும் என்பதே காரணம். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும் இந்த எண்ணில் விட்டுக்கொடுப்பு இல்லை. சோதனைக்கூடத்தில் 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறு உருளைக்குள் துண்டு முழுதாக அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் கழிப்பறைக் காகிதச் சுருளின் வெறும் குழாயைப் பாவிக்கலாம். அது சற்றுப் பெரியது. ஆகவே அதற்குள் அடங்காத துண்டு உருளைக்குள்ளும் அடங்காது. எங்கள் பதிவேட்டில் இந்த இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுகிறோம். மூத்த பிள்ளைக்கு எடுத்துச் செல்லும் பெட்டி, தவழும் தம்பி இருக்கும் வீட்டுக்கும் போகிறது அல்லவா?

நேரம்: மூடி திறந்ததிலிருந்து மூடி மூடும்வரை

பெட்டியில் உள்ள நிமிடம் விதி தெரிந்தவர்கள் விளையாடும் நேரம். நாங்கள் எழுதுவது அடுக்குதல், விதி சொல்லுதல், விளையாடுதல், திரும்ப அடுக்கி வைத்தல் நான்கும் சேர்ந்தது. முதல் தடவைக்கு ஓர் எண், மூன்றாம் தடவைக்கு இன்னோர் எண் என இரண்டு எழுதினால் போதும்.

மொழி: நாங்கள் சேர்த்த பத்தி

அட்டைகளில் டொச் வாசகம் இருக்கிறதா, விளையாடும்போது பேசவேண்டிய சொற்கள் எவை, அவற்றைத் தமிழில் சொன்னால் விளையாட்டுக் கெடுமா என்று இதில் எழுதுகிறோம். வாசகம் இல்லாவிட்டால் 0. விதிப்புத்தகத்தை ஒருவர் ஒருமுறை வாசித்துச் சொன்னால் போதுமென்றால் 1. ஒவ்வொரு முறையும் டொச் வாசிக்கவேண்டுமென்றால் 2. அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஒரே மேசையில் இருக்க முடியுமா என்பதை இந்த ஒரு எண் சொல்லிவிடும்.

ஒரு பெட்டியை முழுதாகப் பார்ப்போம்

ஹாபா நிறுவனத்தின் "ஒப்ஸ்ட்கார்டன்", அதாவது பழத்தோட்டம், 1986 இல் வந்தது. ஜேர்மன் சிறுவர் பூங்காக்களில் படித்த பிள்ளைகள் அநேகமாக இதை அறிவார்கள். பெட்டியின்படி 2–8 பேர், 3 வயதிலிருந்து, 10–15 நிமிடம்.

நான்கு மரங்களில் பத்துப் பத்தாக நாற்பது மரப்பழங்கள்: பச்சை அப்பிள், மஞ்சள் பேரிக்காய், சிவப்புச் செரி, நீலப் பிளம்ஸ். பகடையில் நான்கு பக்கம் நிறங்கள். ஐந்தாவது பக்கம் கூடை. விழுந்தால் விரும்பிய இரண்டு பழங்களை எடுக்கலாம். ஆறாவது காகம், விழுந்தால் ஒன்பது துண்டுகளான காகப் படத்தில் ஒன்றை வைக்கவேண்டும். படம் நிறையுமுன் எல்லாப் பழங்களையும் பறித்தால் எல்லோருக்கும் வெற்றி. இல்லாவிட்டால் காகத்துக்கு வெற்றி. தனியாக வெல்பவர் இல்லை, தனியாகத் தோற்பவரும் இல்லை.

பயிற்சிப் பத்தியில் பலரும் "நிறங்கள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று வயதில் அது சரி. ஐந்து வயதில் இந்த விளையாட்டில் யோசிக்கவேண்டிய ஒரே இடம் கூடை விழும்போதுதான். எந்த மரத்திலிருந்து எடுப்பது? ஒரு மரம் வெறுமையானால் அந்த நிறம் விழுந்தும் பயனில்லை, காகம் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆகவே கூடுதலாகப் பழமுள்ள மரத்திலிருந்து எடுப்பதே நல்லது. எப்போதும் அப்படி எடுத்தால் நூறு ஆட்டங்களில் சுமார் 68 வெல்லலாம். குறைந்த மரத்திலிருந்தே எடுத்தால் சுமார் 53 தான். பிள்ளைகள் இயல்பாக, ஒரு மரத்தை முடித்துவிடும் ஆசையில் குறைந்த மரத்திலிருந்துதான் எடுப்பார்கள். ஒருநாள் பிள்ளை கையை நீட்டிவிட்டு நிறுத்தி மற்ற மரத்தைப் பார்ப்பான். அளவை ஒப்பிடத் தொடங்கிவிட்டான் என்று அதில் தெரிந்துகொள்ளலாம்.

மொழி 0. பழங்களின் பெயர் அம்மம்மாவுக்கு வராவிட்டாலும் நிறங்கள் போதும். "எந்த மரத்தில கூட இருக்கு?" என்று அவர் கேட்க, பிள்ளை "பச்சையில" என்று சொல்லவேண்டியிருக்கும். நேரம்: நாற்பது பழங்களை மரங்களில் வைக்கவே ஐந்து நிமிடம் போகும். முதல் தடவை 30, பிறகு 20 என்று எழுதியிருக்கிறோம். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய பழங்களுடன் "முதல் பழத்தோட்டம்" என்ற தனிப் பெட்டி உண்டு. இரண்டையும் கலந்து வைக்கக்கூடாது.

பதிவேட்டிலிருந்து சில

பெட்டி எண்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும். கையில் உள்ள பெட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*மென்ஷ் எர்கரே டிஷ் நிஷ்ட்* — 2–4 பேர், 5 அல்லது 6 வயதிலிருந்து, பெட்டியில் 30 நிமிடம், எங்கள் கணக்கில் 60 வரை, மொழி 0. 1914 இலிருந்து தொடர் உற்பத்தியில் வந்த இது இந்தியப் பச்சிசியின் வழிவந்தது, எங்கள் தாயத்துக்கு உறவு. விதி சொல்லாமலே ஊர்ப் பெரியவர்கள் விளையாடத் தொடங்குவார்கள். 6 விழுந்தால்தான் காய் வெளியே வரும். மூன்று தரம் உருட்டினாலும் நூறில் 58 தடவை 6 விழாது, நேரம் இழுபடுவது இதனால்தான். பயிற்சி: கட்டம் கட்டமாக எண்ணாமல் தொகையாக நகர்த்துதல், எந்தக் காயை நகர்த்துவது என்ற தெரிவு, வெட்டுப்பட்டால் பொறுத்தல்.

*ஹல்லி கல்லி* — 2–6 பேர், 6 வயதிலிருந்து, 15 நிமிடம், எங்களுக்கும் அவ்வளவே, மொழி 0. மேசையில் தெரியும் ஒரே பழம் சரியாக ஐந்தானால் மணியை அடிக்கவேண்டும். பயிற்சி: ஐந்துக்குள் கூட்டல், எண்ணாமலே அளவு காணுதல். குறை: கை வேகம் வேண்டும். முதியவர்கள் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். வயது ஒத்த பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கிறோம்.

*விந்தைப் புதிர்வழி (டஸ் ஃபெர்யுக்டே லபிரிந்த்)* — 2–4 பேர், 7 வயதிலிருந்து, பெட்டியில் 20–30 நிமிடம், முதல் தடவை 50, மொழி 1. ஓர் அட்டையைத் தள்ளினால் ஒரு வரிசை முழுதும் நகர்ந்து வழி மாறும். பயிற்சி: நகர்த்துமுன் மனதில் படம் பார்த்தல். படங்களைத் தமிழில் சொல்லவைத்தால் சொற்களும் வரும். இருவர் விளையாடுவதே சிறப்பு. நால்வரானால் உங்கள் முறை வருமுன் வழி மாறிவிடும், யோசித்து வைத்தது வீணாகும்.

*குவிர்க்கிள்* — 2–4 பேர்; 6 வயதிலிருந்து; 45 நிமிடம்; மொழி 1. 2011 இல் ஜேர்மனியின் "ஆண்டின் விளையாட்டு" விருது பெற்றது. ஆறு நிறம், ஆறு வடிவம், 108 மரக்கட்டைகள். பயிற்சி: வகைப்படுத்தல், புள்ளி கூட்டல். புள்ளியைத் தமிழில் சொல்லி எழுதும் வேலையை அப்பப்பாவிடம் கொடுக்கலாம். குறை: மங்கலான விளக்கில் சிவப்பும் செம்மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும்.

*மினி லூக்* — தனிப் பிள்ளை, தொடக்க வகுப்புகள், ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 நிமிடம், மொழி 2. விடைக்கேற்ப 12 கட்டைகளை அடுக்கி, பெட்டியை மூடித் திருப்பினால் நிறக்கோலம் சரியா பிழையா என்று காட்டும். பயிற்சி: பாடப் பயிற்சியைத் தானே திருத்துதல். குறை: கடைசி இரண்டு மூன்று கட்டைகளை மிஞ்சிய இடத்தில் போட்டுவிடலாம். அந்த விடைகளை வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

*பல்லாங்குழி* — 2 பேர், 6 வயதிலிருந்து, 30 நிமிடம், மொழி 0. பெட்டியில் எதுவும் எழுதப்படாததால் எண்கள் முழுதும் எங்களுடையவை. பதினான்கு குழி, ஐந்தைந்தாக எழுபது புளியங்கொட்டை. பயிற்சி: கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று முன்கூட்டி எண்ணுதல். எங்கள் விளையாட்டு என்பதற்காகச் சலுகை இல்லை. கொட்டை அந்தக் குழாய்க்குள் அடங்குகிறது, ஆகவே 0–3 எச்சரிக்கையை நாங்களே ஒட்டியிருக்கிறோம்.

திரும்பி வரும்போது

ஒரு துண்டு தொலைந்தால் பட்டியலில் உள்ள எண்கள் எல்லாம் பொய்யாகும். ஒரு செரி குறைந்தால் பழத்தோட்டத்தின் கணக்கே மாறிவிடும். எனவே மூடியின் உட்புறத்தில் துண்டுகளின் தொகையையும், முழுப்பெட்டியின் நிறையைக் கிராமிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். திரும்பி வந்ததும் சமையலறைத் தராசில் வைப்போம். மரக்கட்டை குறைந்திருந்தால் உடனே தெரியும். மெல்லிய அட்டை ஒன்று குறைந்ததைத் தராசு காட்டாது. ஈரம் பிடித்த பெட்டியும் சில கிராம் கூட்டிக் காட்டும். அட்டைகளைக் கையால்தான் எண்ணவேண்டும்.

பெட்டி எடுத்துச் சென்றவரிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பதிவை முடிக்கிறோம். எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடினீர்கள்? மேசையில் யார் யார் இருந்தார்கள்? முன்பு சோபாவின் மூலையில் இருந்த அம்மம்மாவின் வீட்டிலிருந்து பழத்தோட்டம் போன கிழமை திரும்பி வந்தது. இரண்டாவது கேள்விக்கு நேரே "அம்மம்மா, பேத்தி, பேரன்" என்று எழுதியிருக்கிறோம். நிறை சரியாக இருந்தது.