நேர வலயம்: புனேயில் உச்சிப்பொழுது 12:31 ஆனது எப்படி?

நேர வலயம் என்பது சட்டப்படி ஒரே கடிகார நேரத்தைப் பின்பற்றும் நிலப்பகுதி. அந்த நேரம் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யிலிருந்து எவ்வளவு முந்தியது அல்லது பிந்தியது என்று சொல்லும் அளவே நேர வித்தியாசம். இந்தியா முழுவதற்கும் அது ஐந்தரை மணி நேரம், எழுத்தில் `UTC+05:30`.

இந்த ஐந்தரை மணி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க புனே நல்ல இடம். ஒவ்வோர் ஆண்டும் மே 13ஆம் தேதி வாக்கில் அங்கே நிழலில்லா நாள் வருகிறது. அன்று உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். செங்குத்தாக நட்ட கம்பியின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அந்தக் கணத்தில் புனேக்காரரின் கைக்கடிகாரம் 12:00 காட்டாது. ஏறத்தாழ 12:31 காட்டும்.

சூரியன் சொல்லும் நேரம்

பூமி ஒரு முழுச் சுற்றான 360 பாகையை, சூரியனை வைத்துப் பார்த்தால், 24 மணி நேரத்தில் முடிக்கிறது. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருக்கும் ஊரில் உச்சிப்பொழுது முன்னதாகவும் மேற்கே இருக்கும் ஊரில் பின்னதாகவும் வரும். சென்னைக்கும் புனேக்கும் இடையே சுமார் ஆறரைப் பாகை வித்தியாசம் இருப்பதால், சென்னையில் சூரியன் உச்சியைத் தொட்டு ஏறத்தாழ 26 நிமிடம் கழித்தே புனேயில் தொடுகிறது.

அந்தந்த ஊரின் சூரியனை வைத்துக் கணிக்கும் இந்த நேரத்துக்குத் தல நேரம் என்று பெயர். மாட்டுவண்டியில் பயணம் செய்த காலத்தில் ஊருக்கொரு தல நேரம் இருந்ததால் யாருக்கும் தொல்லை இல்லை. தந்தியும் ரயிலும் வந்த பிறகுதான் சிக்கல் எழுந்தது. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக வரும் வண்டிகளை ஒழுங்குபடுத்த வேண்டுமானால், வழியிலுள்ள நிலையங்கள் எல்லாவற்றிலும் கடிகாரம் ஒன்றுபோல ஓட வேண்டும்.

இந்திய ரயில்வேக்கள் அதற்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்ந்தெடுத்தது மெட்ராஸ் நேரத்தை. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னையில் நிறுவிய வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் கோல்டிங்ஹாம், 1802இல் அதன் தீர்க்கக்கோட்டைக் கணித்து, அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது என்று நிறுவியிருந்தார். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நடுவே சென்னை இருந்ததும் வசதியாயிற்று. பம்பாயில் ஊர்க் கடிகாரத்துக்கும் ரயில் கடிகாரத்துக்கும் அரைமணி வித்தியாசம் இருந்தது.

1884 அக்டோபரில் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு, கிரீன்விச் வழியாகச் செல்லும் தீர்க்கக்கோட்டை உலகத்துக்கே சுழியாக ஏற்றது. நேர வலயங்களை எந்த நாட்டின் மீதும் அந்த மாநாடு விதிக்கவில்லை. தொடக்கப் புள்ளி ஒன்று கிடைத்துவிட்டதால், அதிலிருந்து எத்தனை மணி தள்ளி நிற்பது என்பதை ஒவ்வொரு நாடும் பின்னர் தானே முடிவு செய்துகொண்டது. இந்தியாவில் அந்த முடிவு 1906 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மிர்ஸாபூர் அருகே செல்லும் 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோடு அடிப்படையாயிற்று. 82½ஐ 15ஆல் வகுத்தால் ஐந்தரை.

பம்பாய் இதை எளிதில் ஏற்கவில்லை. 1881இல் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன் மெட்ராஸ் நேரத்தைப் புகுத்த முயன்றபோதே எதிர்ப்பு கிளம்பி, உத்தரவு திரும்பப் பெறப்பட்டிருந்தது. 1906இலும் ஆலைத் தொழிலாளர்கள் உட்படப் பலர் எதிர்த்தனர். வேலைக்கு வரச்சொல்லும் மணி திடீரென 39 நிமிடம் முந்தியதால் இருட்டிலேயே எழ வேண்டியிருந்தது. அந்த நகரம் 1955 வரை தன் பம்பாய் நேரத்தை விடவில்லை.

12:31 கணக்கு

புனேயின் தீர்க்கக்கோடு 73 பாகை 51 கலை கிழக்கு. 82 பாகை 30 கலையிலிருந்து அதைக் கழித்தால் 8 பாகை 39 கலை. பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் 34 நிமிடம் 36 விநாடி. அதாவது புனேயின் சராசரி உச்சிப்பொழுது இந்தியத் திட்ட நேரப்படி 12:34:36.

மே 13 அன்று அது 12:31 ஆவதற்கு வேறொரு காரணம் உண்டு. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்வாகவும் இருப்பதால், சூரியன் கடிகாரம்போல ஒரே சீராக ஓடுவதில்லை. சில மாதங்களில் முந்தும், சில மாதங்களில் பிந்தும். மே நடுவில் சுமார் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் முந்தியிருக்கும். அதைக் கழித்தால் 12:31. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடத்துக்கு மேல் முந்துவதால் புனேயின் உச்சிப்பொழுது 12:18க்கே வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தி 12:49 ஆகும். கடிகாரங்கள் சராசரி நேரத்தைப் பின்பற்றுவது இந்த ஏற்ற இறக்கத்தைத் தவிர்ப்பதற்காகத்தான்.

யூ.டி.சி. என்பது என்ன?

இன்று சுழிப்புள்ளி கிரீன்விச் சூரியன் அல்ல. உலகெங்கும் உள்ள ஆய்வகங்களின் நானூறுக்கும் மேற்பட்ட அணுக் கடிகாரங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து, பாரிஸ் அருகேயுள்ள சர்வதேச எடை அளவைகள் பணியகம் யூ.டி.சி.யைக் கணிக்கிறது. அணுக் கடிகாரம் சீராக ஓடும். பூமியின் சுழற்சி அப்படியல்ல. இரண்டும் ஒரு விநாடிக்கு மேல் விலகாமலிருக்க 1972 முதல் அவ்வப்போது ஒரு ‘லீப் விநாடி’ சேர்க்கப்பட்டது. கடைசியாகச் சேர்க்கப்பட்டது 2016 டிசம்பர் இறுதியில். அதோடு மொத்தம் 27.

இந்தியாவில் இந்த நேரத்தைப் பேணுவது புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அது தன் அணுக் கடிகாரங்களை யூ.டி.சி.யோடு ஒத்திசைத்து, ஐந்தரை மணி கூட்டி இந்திய நேரமாக வழங்குகிறது.

நேர வித்தியாசத்தின் இலக்கணம் எளியது: உள்ளூர் கடிகார நேரத்திலிருந்து யூ.டி.சி.யைக் கழித்தால் வருவது. யூ.டி.சி.க்கு முந்தியிருந்தால் கூட்டல் குறி, பிந்தியிருந்தால் கழித்தல் குறி. புனேயின் நிழலில்லாக் கணத்தைக் கணினிப் பதிவில் இரண்டு விதமாக எழுதலாம்:

```
2024-05-13T12:31:00+05:30
2024-05-13T07:01:00Z
```

இரண்டும் ஒரே கணம். முதலாவது உள்ளூர் நேரத்தையும் வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டாவதில் உள்ள `Z` யூ.டி.சி.யைக் குறிக்கிறது.

மழைமானியும் தேதியும்

இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து புனேக்கு மாறியது. சிவாஜிநகரிலுள்ள அந்தக் கட்டடத்தை ஊர்க்காரர்கள் இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே சொல்கிறார்கள். வானிலைக்காரர்கள் காலை 8:30 மணிக்கு மழைமானியைப் பார்த்து, முந்தைய 24 மணி நேர மழையைக் குறித்துக்கொள்வது வழக்கம். 8:30 என்பது யூ.டி.சி.யில் சரியாக 03:00. உலகின் எல்லா நிலையங்களும் ஒரே கணத்தில் காற்றையும் அழுத்தத்தையும் அளந்தால்தான் வானிலை வரைபடம் பொருந்தும். எனவே நேரங்கள் யூ.டி.சி.யில் வகுக்கப்பட்டுள்ளன.

ஜூலை 15 அதிகாலை 2 மணிக்குப் புனேயில் மழை கொட்டியதாக வைத்துக்கொள்வோம். யூ.டி.சி.யில் அது ஜூலை 14 இரவு 20:30. உள்ளூர் நேரம் 5:30க்கு முன் நடந்த எதுவும் யூ.டி.சி. பதிவில் முந்தைய தேதியில்தான் விழும். இரண்டு தரவுகளை ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால், மழை பெய்யாத நாளில் பெய்ததாகத் தோன்றும். பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. இரு பதிவுகளும் சரியாக 5:30 மணி விலகியிருந்தால், வித்தியாசத்தைக் கூட்ட மறந்திருப்பார்கள் அல்லது இருமுறை கூட்டியிருப்பார்கள். சரியாக 30 நிமிடம் விலகியிருந்தால், முழு மணிகளை மட்டுமே ஏற்கும் ஏதோவொரு நிரல் ‘அரை’யை விழுங்கியிருக்கும்.

மாறும் வித்தியாசங்கள்

தீர்க்கக்கோடு மாறாது. நேர வித்தியாசமோ அரசாணையால் வருவது, மாறலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி முன்தள்ளி `+06:30`இல் ஓடின. 1943 ஜனவரியில் மதுரையில் ‘காலை 7 மணி’க்குப் பிறந்த குழந்தையின் நேரம் இன்றைய கணக்கில் காலை 6. அந்த ஏழு மணிக்கு மதுரையில் சூரியன் உதித்திருக்காது. லக்னம் ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை மாறுவதால், அக்கால ஜாதகங்களைக் கணிப்பவர்கள் இந்த ஒரு மணியைக் கழித்தாக வேண்டும்.

இலங்கை 1996 மே மாதம், மின்பற்றாக்குறையின்போது பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ள `+06:30`க்குத் தாவியது. அதே ஆண்டு அக்டோபரில் `+06:00` ஆக்கியது. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் `+05:30`க்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடபகுதிகள் அந்த ஆண்டுகளில் பழைய நேரத்தையே தொடர்ந்ததால், ஒரே தீவில் இரண்டு நேரங்கள் ஓடின. கணினிகள் ஓர் ஊரின் நேரத்தை வெறும் எண்ணாக வைத்துக்கொள்ளாமல், `Asia/Kolkata`, `Asia/Colombo` என்ற பெயர்களின்கீழ் இந்த மாற்றங்களின் வரலாற்றையும் சேர்த்துவைப்பது இதனால்தான்.

இந்தியாவின் ஒற்றை வலயத்துக்கும் எல்லை உண்டு. கிழக்கு மேற்காக நாடு ஏறத்தாழ 29 பாகை அகலம். இரு முனைகளுக்கும் சூரியக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மணி வித்தியாசம். அசாமின் தேயிலைத் தோட்டங்கள் நீண்ட காலமாகவே ஒரு மணி முன்னதாக ‘தோட்ட நேரம்’ வைத்துக்கொள்கின்றன. 2018இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள், வடகிழக்கு மாநிலங்களுக்கு `+06:30` என்ற இரண்டாவது வலயத்தைப் பரிந்துரைத்தனர். அசாமும் மேற்கு வங்கமும் சந்திக்கும் குறுகிய நிலப்பகுதியில் எல்லையை வைத்தால், ரயில் கடிகாரங்களை நியூ கூச் பிஹார், அலிப்பூர்துவார் ஆகிய நிலையங்களில் மட்டும் மாற்றினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அரசு அதை ஏற்கவில்லை.