பச்சிளங்குழந்தைக் காய்ச்சல்

பிறந்து மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு ஆசனவாய் வழி அளக்கும் உடல் வெப்பம் 38° செல்சியஸை (100.4° ஃபாரன்ஹீட்) எட்டினால் அது காய்ச்சல். இந்த வயதில் நோயெதிர்ப்புத் திறன் முதிர்ந்திருக்காது. சிறுநீர்த் தொற்று, இரத்தத் தொற்று, மூளையுறை அழற்சி ஆகியவை தொடக்கத்தில் காய்ச்சலாக மட்டுமே தெரியலாம். குழந்தை நன்றாகப் பால் குடித்துக்கொண்டும் இருக்கலாம். தோற்றத்தை மட்டும் நம்ப முடியாததால்தான் மருத்துவர்கள் முன்கூட்டியே பரிசோதனை செய்கிறார்கள்.

ஆபத்து வயதைப் பொறுத்தது. திருவனந்தபுரத்தின் எஸ்.ஏ.டி. மருத்துவமனை போன்ற ஓரிடத்துக்கு இரு குழந்தைகள் காய்ச்சலோடு வருவதாகக் கொள்வோம். ஒன்றுக்கு 18 நாள். அது நலமாகத் தெரிந்தாலும் இரத்தம், சிறுநீர், முதுகுத்தண்டு நீர் மூன்றையும் கல்ச்சருக்கு அனுப்பி, முடிவுக்குக் காத்திராமல் சிரை வழி ஆன்டிபயாடிக் தொடங்கி, உள்நோயாளியாக வைப்பார்கள். மற்றதற்கு 50 நாள். நலமாகத் தெரிந்தால் முதலில் சிறுநீரும் இரத்தத்தில் அழற்சிக் குறியீடுகளும் பார்க்கப்படும். அவை இயல்பாக இருந்தால் பெரும்பாலும் முதுகில் ஊசி தேவைப்படாது. 24 மணி நேரத்துக்குள் மறுபார்வை என்ற உறுதியோடு வீட்டுக்கு அனுப்பலாம்.

சிறுநீரைப் பையில் பிடித்தால் தோல் கிருமி கலந்து முடிவு பிழையாகலாம்; கல்ச்சருக்குக் குழாய் வழியே எடுப்பதே சரி.

வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் இறங்கிவிட்டாலும் குழந்தையை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.