இழப்பீட்டுக் கோட்பாடும் உச்ச நன்னம்பிக்கையும் (காப்பீட்டு முகவர் தேர்வு)

காப்பீட்டு முகவர் உரிமத் தேர்வின் நிகழ்வு வினாக்களில் சோதிக்கப்படும் இரு அடிப்படைக் கோட்பாடுகள். உச்ச நன்னம்பிக்கை ஒப்பந்தத்துக்கு முன்பே தொடங்குகிறது: காப்பீடு கோருபவர் தமக்குத் தெரிந்த முக்கிய உண்மைகளை முன்மொழிவுப் படிவத்தில் வெளியிட வேண்டும். இங்கிலாந்தில் 1766இல் கார்ட்டர் எதிர் போம் வழக்கில் மான்ஸ்ஃபீல்டு பிரபு இதை வகுத்தார். இழப்பீட்டுக் கோட்பாடு இழப்புக்குப் பின் வருவது. உண்மையான நட்டத்துக்கு மேல் தொகை கிடைக்காது.

வினாவில் முதலில் பார்க்க வேண்டியது பாலிசியின் வகை. தீக்காப்பீட்டுக்கு இழப்பீட்டுக் கோட்பாடு பொருந்தும்: ரூ.20 லட்சம் மதிப்புள்ள கிடங்கு ரூ.10 லட்சத்துக்கே தீக்காப்பீடு பெற்று, ரூ.4 லட்சம் சேதமடைந்தால், சராசரி விதிப்படி கிடைப்பது ரூ.2 லட்சம். பாதி மதிப்புக்கே காப்பீடு இருப்பதால் மீதிப் பாதியை உரிமையாளரே ஏற்கிறார். ரூ.4 லட்சம் என்பதே தேர்வர் பலர் சறுக்கக்கூடிய விடை.

உயிருக்குப் பண மதிப்பிட முடியாததால் ஆயுள் காப்பீட்டுக்கு இழப்பீட்டுக் கோட்பாடு பொருந்தாது, நன்னம்பிக்கை பொருந்தும். நீரிழிவை மறைத்து ஆயுள் பாலிசி எடுத்தவர் இரண்டாம் ஆண்டில் இறந்தால், நிறுவனம் கோரிக்கையை மறுக்க வழியுண்டு. மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால், 2015இல் திருத்தப்பட்ட இந்தியக் காப்பீட்டுச் சட்டம் 1938இன் 45ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆகவே பாலிசி வழங்கிய, இடர் தொடங்கிய அல்லது காலாவதியான பாலிசியைப் புதுப்பித்த நாள்களுள் பிந்தியதிலிருந்து கணக்கிடுவது அவசியம்.