முதியோர் நினைவுப் பதிவு: கேள்வியும் ஒப்புதலும்

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அதைப் பற்றிய பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம் 2005இல் வந்தது. இடையில் 37 ஆண்டுகள். இத்தனை காலம் கடந்த நினைவில், கேட்டறிந்ததும் கண்டதும் கலந்துவிடும். ஆகவே முதல் கேள்வி கொடுமையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அன்றைய கூலி, வேலை, வீடு ஆகியவற்றில் தொடங்கி, “அப்போது எங்கே நின்றீர்கள்? அங்கிருந்து என்ன தெரிந்தது?” என்று கேட்டால், நேரில் கண்டது தனியே பிரியும். “பயந்தீர்களா?” என்பது பதிலைத் தானே ஊட்டும் கேள்வி. எந்த ஊர் முதியவரிடமும் ஆண்டைக் கேட்பதைவிட, “எம்.ஜி.ஆர். முதல்வராவதற்கு முன்பா, பின்பா?” என்பதே 1977ஐ ஒட்டிக் காலத்தைப் பிடித்துத் தரும்.

ஒப்புதலை ஒருமுறை வாங்கினால் போதாது என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது. என்ன சொல்லப்போகிறோம் என்பது பேசுமுன் முதியவருக்கே தெரியாது; பிள்ளை இட்ட கையெழுத்தும் அவர் சம்மதமாகாது. பதிவுக்கு முன்பும், தொகுத்த பகுதியைப் போட்டுக்காட்டிய பின்பும் கேட்க வேண்டும். இது படைப்பாளியின் உரிமையைப் பறிக்கும் என்பர். உண்மையான அச்சம்தான். ஆனால் அவர் நீக்கச் சொல்லக்கூடியது தம் சொல்லையும் முகத்தையும் மட்டுமே. ஆவணங்களிலிருந்து இயக்குநர் எடுக்கும் முடிவை அல்ல. அதே ஊரில், எதிர்த்தரப்பின் வாரிசுகளுக்கு நடுவே, நாளையும் வாழவேண்டியவர் அவர்.