பையின் இலக்கங்களுக்குள் ஒரு தேடல்: 0123456789

0123456789. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் π என்ற எண்ணை 3.14159... என்று எழுதிக்கொண்டே போனால், எங்காவது இந்தப் பத்து இலக்கங்களும் இதே வரிசையில், இடைவெளி இல்லாமல் வருமா? 1923இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப்ரௌவர் இந்தக் கேள்வியைத் தன் கட்டுரை ஒன்றில் வைத்தார். விடை காண வேண்டும் என்று அவர் வைக்கவில்லை. விடை தெரியாது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அன்று உலகத்தின் கையில் இருந்தவை π-யின் 707 தசம இலக்கங்கள். வில்லியம் ஷாங்க்ஸ் என்ற ஆங்கிலேயர் கையாலேயே கணக்கிட்டு 1873இல் வெளியிட்டவை. அவற்றிலும் 527ஆம் இலக்கத்துக்குப் பிறகு எல்லாம் தவறு என்பது இரண்டாம் உலகப் போரின் இறுதியில்தான் தெரியவந்தது. பத்து இலக்கங்கள் கொண்ட ஒரு குறிப்பிட்ட வரிசை வர வேண்டுமானால், சராசரியாக ஆயிரம் கோடி இலக்கங்களைப் புரட்ட வேண்டும். தன் ஆயுளில் யாரும் இதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று ப்ரௌவர் நம்பியிருந்தால் அது நியாயமான நம்பிக்கைதான்.

இந்த வரிசையை வைத்து அவர் ஒரு எண்ணைக் கட்டினார். அதை r என்போம். π-யின் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே –1/2, 1/4, –1/8, 1/16 என்று எழுதிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் அளவு பாதியாகும், குறி மாறும். நம் வரிசை முதன்முதலாகத் தொடங்கும் இடம் வந்ததும் அந்தப் படியில் கிடைத்த மதிப்போடு நின்றுவிட வேண்டும். நின்ற இடம் இரட்டைப்படை என்றால் r நேர் எண். ஒற்றைப்படை என்றால் எதிர் எண். வரிசை ஒருபோதும் வரவே இல்லை என்றால் r சுழி. இந்த எண்ணை எவ்வளவு துல்லியமாகக் கேட்டாலும் கணக்கிட்டுத் தர முடியும். நூறு தசம இடம் வேண்டுமா, அதற்கு π-யின் சில நூறு இலக்கங்கள் போதும். ஆனால் அது சுழியா, நேரா, எதிரா என்று மட்டும் சொல்ல முடியாது.

பள்ளியில் படித்த எவரும் இதற்கு உடனே பதில் சொல்வார்கள்: நமக்குத் தெரியாவிட்டால் என்ன, மூன்றில் ஏதோ ஒன்று உண்மையாக இருந்துதானே ஆக வேண்டும்? அந்தப் பதிலில்தான் நடுவிலக்கு விதி ஒளிந்திருக்கிறது. ஒரு கூற்று உண்மை, அல்லது அதன் மறுப்பு உண்மை. இடையில் மூன்றாவது வழி இல்லை என்பது அந்த விதி. தர்க்க விதிகளை நம்ப முடியாது என்று தலைப்பிலேயே அறிவித்து ப்ரௌவர் 1908இல் எழுதிய கட்டுரை இந்த விதியைத்தான் குறிவைத்தது. அப்போது அவருக்கு வயது 27.

அவர் வாதத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உண்மைக்கும் பொய்க்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்று இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நடுவிலக்கு விதி பொய் என்று இந்த ஒரு கூற்றை வைத்து நிறுவவும் இல்லை. அப்படி நிறுவ முடியாது, ஏனென்றால் “இதுவும் இல்லை, அதன் மறுப்பும் இல்லை” என்று சொல்வது அவர் கணக்கிலும் முரண்பாடுதான். அவர் கேட்டது வேறு. கணிதத்தில் ‘அல்லது’ என்று ஒருவர் சொன்னால், இரண்டில் எது என்று காட்டவோ, அதைக் கண்டுபிடிக்க முடிவுள்ள ஒரு வழிமுறையைத் தரவோ அவரால் முடிய வேண்டும். ‘இருக்கிறது’ என்று சொன்னால் எடுத்துக் காட்ட முடிய வேண்டும். அது முடியாதபோது அப்படிச் சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது?

அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரிடம் ஒரு விளக்கமும் இருந்தது. முடிவுள்ள தொகுப்புகளில் நடுவிலக்கு விதி சரியாகவே இருக்கிறது. “முதல் 2,000 கோடி இலக்கங்களுக்குள் 0123456789 வரும், அல்லது வராது” என்ற கூற்றை ப்ரௌவர் 1923இலேயே தயங்காமல் ஏற்றுக்கொண்டிருப்பார். அத்தனையையும் கணக்கிட்டுப் பார்த்துவிட ஒரு வழி இருக்கிறது. எவ்வளவு காலம் ஆனாலும் அது முடிந்துவிடும். ‘2,000 கோடிக்குள்’ என்ற வேலியை எடுத்துவிட்டால் அந்த வழி போய்விடுகிறது. தேடலாம், கிடைத்தால் கிடைத்தது. கிடைக்காதவரை எப்போது நிறுத்துவது என்று எதுவும் சொல்லாது. முடிவுள்ளவற்றில் பழகிய விதியை அதே நம்பிக்கையோடு முடிவிலிக்குள்ளும் எடுத்துச் சென்றுவிட்டோம் என்பதே அவர் குற்றச்சாட்டு. எனக்கு அவர் வாதத்தில் இன்றும் பலமாகத் தெரியும் இடம் இது.

ஜெர்மன் கணிதர் ஹில்பெர்ட் கடுமையாக எதிர்த்தார். இந்த விதியைக் கணிதரிடமிருந்து பிடுங்குவது வானியலாளரிடமிருந்து தொலைநோக்கியைப் பிடுங்குவதற்குச் சமம் என்பது அவர் கருத்து. அந்தச் சண்டையின் கசப்பான அத்தியாயங்களுக்குள் நான் போகவில்லை. நம் பத்து இலக்கங்கள் அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம்தான் முக்கியம்.

அது ப்ரௌவரின் மாணவர் ஹெய்டிங்கின் கை. 1956இல் வெளிவந்த தன் அறிமுக நூலில் அவர் அதே வரிசையை வைத்து இன்னும் எளிய ஒரு எண்ணைக் கட்டினார். π-யின் இலக்கங்களை ஒரு வரியில் எழுதுங்கள். அதன் கீழே 0.3333... என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மேலே 0123456789 முழுதாக வந்து முடிந்த இடத்தில், அதாவது 9க்கு நேர் கீழே, எழுதுவதை நிறுத்திவிடுங்கள். இப்படிக் கிடைக்கும் எண் ρ.

ρ விகிதமுறு எண்ணா? அதாவது ρ = p/q என்று அமையும் முழு எண்கள் p, q இருக்கின்றனவா? வழக்கமான நிறுவல் இரண்டே வரி. வரிசை வருகிறது, அதன் 9 நிற்கும் இடம் k என்று கொண்டால், ρ = (10^k – 1)/(3·10^k). வரவில்லை என்றால் ρ = 1/3. எப்படியிருந்தாலும் p, q இருக்கின்றன. நிறுவல் முடிந்தது.

இப்போது அந்த p-யைக் கேட்டுப் பாருங்கள். 1956இல் யாராலும் தர முடியாது. அது 1-ஆக இருக்கலாம். கோடிக்கணக்கான ஒன்பதுகள் கொண்ட எண்ணாகவும் இருக்கலாம். இருக்கிறது என்று நிறுவிய வாதத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் எது என்ற தகவல் அதிலிருந்து விழாது. ஆக்கமுறை சாராத இருப்பு நிறுவல் என்பது இதுதான். ஆக்கமுறை நிறுவலில் பொருளும் கூடவே வரும், அல்லது பொருளை உண்டாக்கும் கணக்கு வரும்.

ஹெய்டிங் இங்கே நிறுத்தவில்லை. ρ விகிதமுறு எண்ணாக இருக்கவே முடியாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வரிசை எங்கும் வர முடியாது. வந்தால் மேலே பார்த்த பின்னம் கிடைத்துவிடுமே. வரிசை வரவே வராது என்றால் ρ = 1/3, அதுவும் விகிதமுறு எண். முரண்பாடு. ஆகவே “ρ விகிதமுறு எண்ணாக இருக்க முடியாது” என்பது பொய். இவ்வளவையும் ப்ரௌவரின் வழிவந்த உள்ளுணர்வுவாதிகள் முழுமனதோடு ஏற்கிறார்கள். மறுப்பின் மறுப்பு கையில் இருக்கிறது. ஆனால் மறுப்பை மறுத்ததால் p கைக்கு வந்துவிடவில்லை. இரட்டை மறுப்பும் நேரான கூற்றும் ஒன்றே என்ற பள்ளிப் பாடம் இந்த இடத்தில் விட்டுப்போகிறது. நடுவிலக்கு விதியைக் கைவிடுவதன் விலை இது.

ஹெய்டிங் இதை எழுதும்போது π-யின் இலக்கங்கள் சுமார் 3,000 தெரிந்திருந்தன. 1949இல் எனியாக் இயந்திரம் 2,037 இலக்கங்களைத் தந்ததோடு கைக்கணக்கின் காலம் முடிந்திருந்தது. பிறகு வேகம் பிடித்தது: 1973இல் பத்து லட்சம், 1989இல் நூறு கோடி. இடையில், 1985இல், பில் கோஸ்பர் 1 கோடியே 75 லட்சம் இலக்கங்களைக் கணக்கிட்டது ராமானுஜன் 1914இல் வெளியிட்ட தொடரைக் கொண்டு. அந்தத் தொடரில் ஒவ்வொரு உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைச் சேர்க்கும்.

1997இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கனடா யசுமாசாவும் தகாஹாஷி டைசுகேயும் 5,150 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கணக்கிட்டார்கள். அவற்றுள் அது இருந்தது. தசமப் புள்ளிக்குப் பின் 17,387,594,880ஆம் இடத்தில், அதாவது 1,738 கோடியே 75 லட்சத்து 94 ஆயிரத்து 880ஆம் இடத்தில், சுழி. அதைத் தொடர்ந்து 1, 2, 3 என்று 9 வரை. ப்ரௌவர் 1966இலும் ஹெய்டிங் 1980இலும் காலமாகிவிட்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டே ஜோனதன் போர்வைன் ஒரு சிறு கட்டுரையில் கணக்கை முடித்துவைத்தார். தொடங்கிய இடம் இரட்டைப்படை. எனவே r நேர் எண். தசமத்தில் எழுதினால் புள்ளிக்குப் பின் சுமார் 523 கோடி சுழிகளைக் கடந்த பிறகுதான் முதல் உயிருள்ள இலக்கம் வரும். ρ-வும் பிடிபட்டது: அதில் 17,387,594,889 மூன்றுகள். 1956இல் யாராலும் தர முடியாத p-யை இனி எழுதித் தரலாம்.

அப்படியானால் ப்ரௌவர் தோற்றாரா? r 1923இலும் நேர் எண்ணாகத்தானே இருந்தது என்று கேட்பவர்களுக்கு என் மரியாதை உண்டு. பெரும்பாலான கணிதர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அவர் எழுப்பியது, சொல்வதற்கு அன்று யாருக்கு என்ன ஆதாரம் இருந்தது என்ற கேள்வி. 1997இல் நடுவிலக்கு விதி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கணக்கு கண்டுபிடித்தது. எடுத்துக்காட்டு காலாவதியானதே தவிர, வாதம் காலாவதியாகவில்லை. புதிய எடுத்துக்காட்டு ஒரு நிமிட வேலை: 0123456789க்குப் பதில் தொடர்ச்சியாக நூறு ஏழுகள் என்று வையுங்கள். 2022இல் π நூறு லட்சம் கோடி இலக்கங்களை, 10^14-ஐ, எட்டியது. நூறு ஏழுகளுக்குச் சராசரியாக 10^100 இலக்கங்கள் வேண்டும். π-யில் எல்லா வரிசைகளும் வந்தே தீரும் என்பதற்கும் இதுவரை நிறுவல் இல்லை.

நூறு ஏழுகளை வைத்து r போலவே கட்டும் எண்ணை s என்போம். அதைக் கல்லூரிப் பாடத்தின் நடுவிலேயே நிறுத்திப் பார்க்கலாம். 0-இலிருந்து 1-க்குச் செல்லும் ஒரு தொடர்ச்சியான வளைகோடு –1-இல் தொடங்கி ஏறி, 1/3-இல் சுழியை அடைந்து, 2/3 வரை சமதளமாகச் சென்று, பிறகு 1-க்கு ஏறுகிறது. முழுக் கோட்டையும் s அளவு மேலே நகர்த்துங்கள். எதிரில் தொடங்கி நேரில் முடிவதால் எங்காவது சுழியைத் தொடும் என்கிறது இடைமதிப்புத் தேற்றம். எங்கே? s நேர் எண் என்றால் 1/3-க்கு இடப்புறம். எதிர் எண் என்றால் 2/3-க்கு வலப்புறம். பாதிபாதியாக வெட்டித் தேடும் முறை முதல் வெட்டிலேயே, 1/2-இல், மாட்டிக்கொள்கிறது. அங்கே மதிப்பு s, அதன் குறி தெரியாது. கணினி s-ஐச் சுழி என்று வட்டமாக்கி 1/2-ஐ விடையாகத் தரும். உண்மையான வெட்டுப்புள்ளி 1/6-க்கும் அதிகமான தூரத்தில் இருக்கலாம்.

1967இல் எரெட் பிஷப் பகுப்பாய்வுக் கணிதத்தை நடுவிலக்கு விதி இல்லாமலே கட்டி ஒரு நூலாகத் தந்தார். அந்த வழியில் தேற்றம் கொஞ்சம் அடக்கமாகிறது: எவ்வளவு சிறிய பிழை கேட்டாலும், மதிப்பு அந்தப் பிழைக்குள் இருக்கும் ஒரு புள்ளியைக் கண்டெடுக்கலாம். சமதளம் எங்கும் இல்லாமல் ஏறிக்கொண்டே போகும் வளைகோடு என்றால் சரியான வெட்டுப்புள்ளியையே தரலாம். நம் வளைகோட்டுக்கு முதல் வகை விடைதான். புள்ளி 1/2. π-யின் முதல் n இலக்கங்களில் நூறு ஏழுகள் தொடர்ச்சியாக இல்லை என்று பார்த்து முடித்திருந்தால், அங்கே பிழை (1/2)^(n–98)-க்கு மேல் போகாது.