உரலா, ஆட்டுக்கல்லா?

பாட்டியின் பழைய புகைப்படம் ஒன்றின் பின்னால் 'உரலடியில் அம்மா, 1968' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அதை நம்பித்தான், அந்த வருஷம் எங்கள் வீட்டில் நெல் குத்தினார்கள் என்று முன்பு இங்கே எழுதினேன். தப்பு.

படத்தைப் பெரிதாக்கினால் குழிக்குள்ளேயே ஒரு கல் குழவி நிற்கிறது. உரலுக்கு உலக்கைதான், ஆளுயர மரம், நுனியில் இரும்புப் பூண், வேலை முடிந்ததும் சுவரோரம் போய்விடும். ஆட்டுக்கல் குழவியோ சும்மா தூக்குகிற கனமில்லை, பெரும்பாலும் குழியிலேயே கிடக்கும். போதாததற்குக் குழியைச் சுற்றி அகலமான தட்டை விளிம்பு, அதில் மாவு வழிந்த வெள்ளைத் தடம்.

பக்கத்தில் இருப்பதை அரிவாள்மணை என்றுதான் நினைத்தேன். இரும்பின் நுனி வட்டமாக விரிந்து பல் பல்லாகத் தெரியுது, தேங்காய்த் துருவி. சில மணைகளில் அரிவாளும் துருவியும் ஒரே இரும்பில் இருக்கும். ஆகவே நுனி மறைந்த படத்தில் அடித்துச் சொல்ல முடியாது.

சித்தியிடம் கேட்டேன். "அது மாவாட்டுற கல்லுடா. நெல்லெல்லாம் அப்பவே மில்லுக்குப் போயிடும்."

பழைய பதிவைத் திருத்திவிட்டேன்.