கட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட மழை

1985-ல், ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மானியர் தன் வீட்டு டைப்ரைட்டரில் மனசுக்குத் தோன்றிய வாக்கியங்களை எல்லாம் தட்டி, எழுத்துக்களை எண்ணிப் பார்த்தாராம். பெரும்பாலானவை 160-க்குள் அடங்கிவிட்டன. எஸ்.எம்.எஸ்.ஸின் அளவு அப்படித்தான் முடிவாயிற்று. நம்ம தமிழை யார் எண்ணிப் பார்த்தார்கள்!

ஒரு எஸ்.எம்.எஸ். என்பது 140 பைட். ரோமன் எழுத்தில் 160 அடங்கும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 2 பைட் வேண்டும் என்பதால் 70-தான். அதிலும் ஒரு வேடிக்கை. ‘கள்ளக்குறிச்சி’ நமக்கு 8 எழுத்து. போனுக்கோ புள்ளியும் மற்ற குறிகளும் தனித்தனியாகச் சேர்ந்து 14!

சரி, கல்வராயன் மலைக்கு வருவோம். கீழே கள்ளக்குறிச்சியில் இருக்கும் தம்பிக்கு, வெள்ளிமலையில் இருக்கும் அண்ணன் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘மலையில் மழை. மாலை 4 மணி பஸ்ஸுக்கு வராதே.’ தம்பியிடம் இருப்பது தமிழ் ஃபான்ட் இல்லாத பழைய போன். தெரிவது இதுதான்:

```
□□□□□□□ □□□. □□□□ 4 □□□ □□□□□□□□□ □□□□□.
```

தப்பிப் பிழைத்தது அந்த 4 மட்டும். தம்பி என்ன நினைப்பான்? ‘நாலு மணிக்கு வரச் சொல்றார்’ என்றுதானே! ‘4 OK’ என்று பதில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவான். அண்ணனோ, ‘புரிஞ்சுக்கிட்டான்’ என்று நிம்மதியாகப் படுத்துவிடுவார். கட்டத்தைவிட அந்த ‘OK’தான் ஆபத்து.

தம்பி போட்டிருக்க வேண்டிய பதில் வேறு:

```
Tamil kattam kattama varudhu. 4 mattum theriyudhu. English ezhuthula anuppunga.
```

எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று இரண்டும் இதில் இருக்கிறது. அண்ணன் மறுபடி அனுப்பும்போது ஒரே ஒரு தமிழ் எழுத்துகூடக் கலக்கக் கூடாது. கலந்தால் மொத்தச் செய்தியின் இடமும் 70-க்குச் சுருங்கிவிடும். ‘malai’ என்றே எல்லாவற்றையும் அடித்தால் மலையா, மழையா, மாலையா என்று இன்னொரு குழப்பம். malai, mazhai, maalai என்று பிரித்து அடிக்கணும். ‘varaadhe’ என்பதை முதலில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

கட்டம் வந்த செய்தியை அழித்துவிடாதீர்கள். எழுத்துக்கான எண்கள் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கின்றன. படம் மட்டும்தான் இல்லை. தமிழ் தெரியும் போனுக்கு ஃபார்வர்ட் செய்தால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். ஆனால் கட்டத்துக்குப் பதில் ‘????’ வந்தால் கதை வேறு. வழியிலேயே யாரோ எழுத்தைத் தொலைத்துவிட்டார்கள். ஃபார்வர்ட் செய்தாலும் கேள்விக்குறிதான் போகும். திரும்ப அனுப்பச் சொல்வதுதான் வழி.

மலேசியாவின் முத்து நெடுமாறன் 2000-களில் கொண்டுவந்த ‘செல்லினம்’, போனில் இல்லாத தமிழைத் தன்னோடு சுமந்து வந்தது. இந்தியாவில் விற்கும் போன்கள் நம் மொழிகளைப் படிக்கக் காட்ட வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது 2016-ல்தான். அதற்கு முன் வாங்கிய பட்டன் போனை இன்னும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கும் தம்பிக்கு, அந்த உத்தரவால் ஒரு பிரயோஜனமும் இல்லை.